அம்மாவின் வரவு செலவு நோட்டு: ஷீட் 16,349 மிச்சம் என்கிறது, டப்பாவில் 4,380தான் இருக்கிறது

கொருக்குப்பேட்டை தேவி
எங்கள் வீட்டுக் கணக்கை அம்மா இருபது வருடமாக நோட்டில் எழுதுகிறார். வரவு, செலவு இரண்டும் ஒரே பத்தியில் கலந்துதான் இருக்கும், வரவு வரிக்கு முன்னால் மட்டும் "வ" என்று போட்டு வட்டம் போட்டிருப்பார். போன மாதக் கணக்கு மூன்று பக்கம் வந்தது. போட்டோ எடுத்து, போனில் படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் வசதியில் போட்டு, வந்ததை ஷீட்டில் ஒட்டினேன். அம்மா கையெழுத்து பாதிதான் தேறியது, விவரத்தையெல்லாம் நானே நோட்டைப் பார்த்துத் திரும்ப அடித்தேன், எண்கள் சரியாக வந்த மாதிரி இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது கூட்டினால் வரவு 55,590, செலவு 39,241. அதாவது 16,349 மிச்சம். அம்மாவிடம் சொன்னேன், பீரோவைத் திறந்து டப்பாவை எடுத்து என் முன்னால் எண்ணிக் காட்டினார். 4,380. "மீதி எங்கடி போச்சு, நீ எடுத்தியா?" என்று வேறு கேட்கிறார். அப்பா சம்பளம் 21,500, தம்பி கொடுப்பது 6,000, அம்மாவின் தையல், இவ்வளவுதான் எங்கள் வருமானம், 55 ஆயிரம் எங்கிருந்து வந்தது?

எனக்கு வேண்டியது பிரிவு வாரியாகச் செலவு எவ்வளவு, வரவு தனியாக எவ்வளவு, அவ்வளவுதான்.

ஷீட் ராஜா
சிம்பிள். வரவா செலவா என்பதற்கு ஒரு பத்தி வையுங்கள், அப்புறம் பிரிவுக்கு ஒரு பத்தி வைத்து இதைப் போடுங்கள்:

```
=SUMIFS(E:E, C:C, "செலவு", D:D, "மளிகை")
```

C-யில் வரவா செலவா, D-யில் பிரிவு, E-யில் தொகை. ஒவ்வொரு பிரிவுக்கும் பெயரை மட்டும் மாற்றினால் போதும். இரண்டு நிமிட வேலை.

கொருக்குப்பேட்டை தேவி
அண்ணா, அதைத்தான் போட்டிருக்கிறேன். ஃபார்முலா ஓடுகிறது, எண்தான் தப்பு.

காசிமேடு லைன்
எங்களுக்கும் இதே தலைவலி. காலையில் ஏலத்துக்கு 15,000 எடுத்துக்கொண்டு போவேன், மீன் எடுத்து விற்றுவிட்டு மதியம் 18,000 கொண்டுவருவேன். என் மனைவி நோட்டில் 18,000 வரவு என்று எழுதிவிட்டு, எடுத்துக்கொண்டு போன 15,000-ஐ எழுதவே மாட்டார். மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்தால் நான் பெரிய கோடீஸ்வரன். ஐஸுக்குக்கூடக் காசு இல்லாமல் நிற்பேன். ஜிபேயில் வருவதையும் சேர்த்து எழுதவேண்டுமா, யாராவது சொல்லுங்கள்.

தங்கசாலை கணக்கர்
காசிமேடு தம்பி, உங்களுடையது வியாபாரக் கணக்கு, வீட்டு நோட்டோடு கலக்கவே கூடாது. தனி இழை போடுங்கள், வந்து சொல்கிறேன்.

தேவி, மண்டியில் முப்பது வருடம் பேரேடு எழுதியவன் என்ற முறையில் ஒன்று கேட்கிறேன். நோட்டில் "முன் இருப்பு", "மீதி", "கை இருப்பு" என்று எத்தனை வரி இருக்கிறது? கைமாற்று வாங்கியது, கொடுத்தது உண்டா? சீட்டு கட்டுகிறார்களா? அந்த வரிகளை மட்டும் இங்கே போடுங்கள்.

கொருக்குப்பேட்டை தேவி
ஐயா, இதோ.
முன் இருப்பு 2,340
வ: எதிர்வீட்டு அக்காவிடம் வாங்கியது 5,000
10-ம் தேதி மீதி 9,720
20-ம் தேதி மீதி 6,180
அக்காவுக்குத் திருப்பியது 2,000
சீட்டு 2,000
கடைசியில் மீதி 4,380 (இதை நான் ஷீட்டில் சேர்க்கவில்லை)

முதல் வரியையும் நடுவில் வரும் இரண்டு மீதியையும் வரவில்தான் போட்டேன். செலவு இல்லையே என்று நினைத்தேன்.

தங்கசாலை கணக்கர்
அங்கேதான் இருக்கிறது. "செலவு இல்லையென்றால் வரவு" என்று பிரித்தால் எந்த வீட்டு நோட்டும் தப்பாகத்தான் வரும். மீதி என்பது ஏற்கெனவே வந்த பணத்தில் கையில் நிற்பது. அப்பாவின் சம்பளத்தை ஒரு முறை சம்பளமாக எண்ணினீர்கள், அதில் செலவு போக நின்றதை 10-ம் தேதி மறுபடி எண்ணினீர்கள், 20-ம் தேதி இன்னொரு முறை எண்ணினீர்கள். 9,720, 6,180 இரண்டும் சேர்ந்து 15,900. முன் இருப்பு 2,340 போன மாதத்துப் பணம். அக்கா கொடுத்த 5,000 திருப்பித் தரவேண்டியது. நான்கையும் கழித்துப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை தேவி
55,590-ல் 15,900 போனால் 39,690. அதில் 2,340, 5,000 போனால் 32,350.
சம்பளம் 21,500, தம்பி 6,000, தையல் 3,850, உரிமைத்தொகை 1,000. கூட்டினால் 32,350. அப்பாடா, வரவு சரியாகிவிட்டது!

வியாசர்பாடி ப்ரியா
உரிமைத்தொகை அம்மாவின் பேங்க் அக்கவுண்டுக்குத்தானே வரும், டப்பாவுக்கு எப்படி வந்தது? எடுத்து வைத்தால்தான் நோட்டில் வரவேண்டும். எங்கள் வீட்டில் வந்தாலும் எடுக்காத மாதங்கள் உண்டு.

கொருக்குப்பேட்டை தேவி
அம்மா 15-ம் தேதி மெசேஜ் வந்ததும் அன்றைக்கே போய் எடுத்துவிடுவார் அக்கா, ஒரு நாள்கூட விடமாட்டார் :)

தங்கசாலை கணக்கர்
ப்ரியா கேட்டது நல்ல கேள்வி. இந்த நோட்டு டப்பாவின் கணக்கு. டப்பாவுக்குள் வருவது, வெளியே போவது மட்டும்தான் இதில் டேலி ஆகும். தம்பி போனிலேயே கேபிளுக்குக் கட்டினால் அது இந்தக் கணக்கில் வரவே கூடாது. வரவேண்டும் என்றால் அவன் கொடுத்த வரவாக ஒரு வரி, கேபிள் செலவாக ஒரு வரி, இரண்டையும் சேர்த்து எழுதவேண்டும்.

இப்போது C பத்தியில் இரண்டு வகை போதாது, ஐந்து வையுங்கள். வரவு, செலவு, உள்ளே, வெளியே, இருப்பு. கைமாற்று வாங்கினால் "உள்ளே", திருப்பினால் "வெளியே", சீட்டும் "வெளியே". மீதி வரிகளுக்கெல்லாம் "இருப்பு". அழிக்காதீர்கள், அவைதான் பின்னால் உதவப்போகின்றன. SUMIFS அவற்றைத் தொடாது. முன் இருப்பை H1-ல் தனியாக வைத்து இதைப் போடுங்கள்:

```
=H1+SUMIFS(E:E,C:C,"வரவு")+SUMIFS(E:E,C:C,"உள்ளே")
 -SUMIFS(E:E,C:C,"செலவு")-SUMIFS(E:E,C:C,"வெளியே")
```

இது 4,380 என்று வரவேண்டும். வராவிட்டால் பிரிவு வாரியான கூட்டலைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

ஷீட் ராஜா
சீட்டு எப்படி ஐயா "வெளியே"? மாதா மாதம் கையை விட்டுப் போகிறது, அது செலவுதான். நான் செலவில்தான் போடுவேன்.

தங்கசாலை கணக்கர்
சீட்டு எடுக்கும்போது வரும் மொத்தத்தை எங்கே போடுவீர்கள் தம்பி? வரவில் போட்டால் அந்த ஒரு மாதம் மட்டும் வீட்டு வருமானம் திடீரென்று எகிறும். கட்டும்போது வெளியே, எடுக்கும்போது உள்ளே. தள்ளிக் கழிக்கும் சீட்டாக இருந்தால் கட்டியதற்கும் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான லாபமோ நஷ்டமோ.

ஷீட் ராஜா
எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் "இந்த மாதம் எவ்வளவு போச்சு" என்று கேட்டால் சீட்டையும் சேர்த்துத்தான் சொல்வோம். சரி, அவரவர் விருப்பம்.

கொருக்குப்பேட்டை தேவி
ஐயா சொன்ன மாதிரி போட்டேன். 4,000 வெளியே போனதால் செலவு 39,241-லிருந்து 35,241 ஆனது. ஆனால் கடைசி ஃபார்முலா 449 என்று காட்டுகிறது. டப்பாவில் 4,380. முதலில் ஷீட் அதிகமாகக் காட்டியது, இப்போது குறைவாகக் காட்டுகிறது!! 3,931 வித்தியாசம்.

ஷீட் ராஜா
இதற்கு ஒரு டிரிக் இருக்கிறது. வித்தியாசத்தை 9-ஆல் வகுங்கள், மீதமில்லாமல் போனால் எங்கோ எண் இடம் மாறியிருக்கிறது, 540-ஐ 450 என்று எழுதியது மாதிரி. இன்னொன்று, வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் வரவு செலவில் போயிருக்கும் அல்லது செலவு வரவில் போயிருக்கும். கண்டிப்பாகக் கிடைத்துவிடும்.

கொருக்குப்பேட்டை தேவி
3,931-ஐ 9-ஆல் வகுத்தால் 7 மீதி வருகிறது. ஒற்றைப்படை எண், பாதியும் முழுசாக வராது. இரண்டும் இல்லை அண்ணா.

ஷீட் ராஜா
அப்படியானால் அம்மா எண்ணியது தப்பாக இருக்கும்.

கொருக்குப்பேட்டை தேவி
இதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தங்கசாலை கணக்கர்
ராஜா சொன்ன இரண்டு வழியும் சரியானவை, ஒரே ஒரு தப்பு இருந்தால் மட்டும். இரண்டு தப்பு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வித்தியாசத்தைப் பார்த்து எதுவும் சொல்லமுடியாது. அதற்குத்தான் மீதி வரிகளை அழிக்காதீர்கள் என்றேன். தேவி, முதலில் இதைச் சொல்லுங்கள்: 10-ம் தேதி, 20-ம் தேதி மீதியை அம்மா டப்பாவை எண்ணி எழுதுவாரா, கூட்டிக் கழித்து எழுதுவாரா?

கொருக்குப்பேட்டை தேவி
எண்ணித்தான். கூட்டல் கழித்தலே கிடையாது. டப்பாவைக் கொட்டி எண்ணுவார், எழுதுவார், மூடி வைப்பார்.

தங்கசாலை கணக்கர்
ரொம்ப நல்லது. கூட்டிக் கழித்த மீதி என்றால் முன்னால் இருக்கும் தப்பும் அதில் ஏறியிருக்கும். எண்ணிய மீதி அப்படியில்லை, ஒவ்வொன்றும் தனி சாட்சி. இப்போது மாதத்தை மூன்று துண்டாக வெட்டுங்கள். முதல் துண்டு, 2,340-ல் ஆரம்பித்து 10-ம் தேதி வரை, 9,720 வரவேண்டும். இரண்டாவது துண்டை ஷீட் சொல்லும் எண்ணில் ஆரம்பிக்காதீர்கள், அம்மா எண்ணிய 9,720-லிருந்தே ஆரம்பியுங்கள், 6,180 வரவேண்டும். மூன்றாவது 6,180-ல் ஆரம்பித்து 4,380. எது உதைக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வியாசர்பாடி ப்ரியா
தேவி, துண்டு போடும் முன் E பத்தியில் ஏதாவது எண் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா பாருங்கள். எனக்கு "1200/-" என்று அப்படியே உள்ளே போய்விட்டது. அதை ஷீட் எண்ணாக எடுக்காது, எழுத்தாக எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கூட்டலில் விட்டுவிடும். எண் என்றால் வலது பக்கம் நிற்கும். மூன்று மாதம் டியூஷன் செலவே இல்லை என்று சந்தோஷமாக இருந்தேன்.

கொருக்குப்பேட்டை தேவி
பார்த்தேன் அக்கா, எல்லாம் வலது பக்கம்தான். அம்மாவும் எல்லாத் தொகைக்கும் /- போடுவார், ஆனால் ஷீட்டில் எதிலும் அது இல்லை.

துண்டு போட்டதில்:
முதல் துண்டு 9,720. டக்கென்று வந்துவிட்டது.
இரண்டாவது 2,129 வருகிறது, 6,180 வரவேண்டும். 4,051 குறைவு.
மூன்றாவது 4,500 வருகிறது, 4,380 வரவேண்டும். 120 அதிகம்.

தங்கசாலை கணக்கர்
4,051-லிருந்து 120 போனால் 3,931. இரண்டு தப்பும் எதிரெதிர் பக்கம் இழுத்து ஒன்றையொன்று மறைத்திருக்கின்றன. ராஜாவின் டிரிக் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான்.

4,051-ல் ஒன்றைக் கழியுங்கள், 4,050. 9-ஆல் வகுங்கள், 450. 11-ம் தேதியிலிருந்து 20-ம் தேதிக்குள் 450 ரூபாய் செலவு ஒன்று நோட்டில் இருக்கும், ஷீட்டில் அது 4501 என்று இருக்கும். பாருங்கள்.

கொருக்குப்பேட்டை தேவி
ஐயா!!! இருக்கிறது. "மாத்திரை 450/-". ஷீட்டில் 4501. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

தங்கசாலை கணக்கர்
ப்ரியா "/-" பற்றிச் சொன்னதும் சந்தேகம் வந்தது. அம்மா எல்லாவற்றுக்கும் போடுகிறார், ஷீட்டில் ஒன்றில்கூட இல்லை என்றீர்கள். மற்றதில் எல்லாம் போன் அந்தக் கோட்டை விட்டுவிட்டது, ஒன்றில் மட்டும் நேராக விழுந்த கோட்டை 1 என்று படித்துவிட்டது. ஒரு எண்ணின் கடைசியில் 1 ஒட்டினால் அது பத்து மடங்காகி ஒன்று கூடுகிறது. பழைய தொகையைக் கழித்தால் ஒன்பது மடங்கும் ஒன்றும் மிஞ்சும். அதனால் ஒன்றைக் கழித்து 9-ஆல் வகுத்தால் அசல் தொகையே வெளியே வந்துவிடும். கடைசியில் ஒரு 0 ஒட்டியிருந்தால் எதையும் கழிக்கவேண்டாம், நேராக வகுக்கலாம்.

மண்டியில் இந்தத் தொல்லை கிடையாது. எங்கள் பழைய பேரேட்டில் தொகைக்கு முன்னால் ௹ போடுவோம், பின்னால் ஒன்றும் கிடையாது. மேற்படிக்கு ௸. இப்போது யாரும் போடுவதில்லை, இரட்டைக் குறி போடுகிறார்கள், அதையும் 11 என்று படித்துவைக்கும். அம்மாவிடம் தொகைக்குப் பின்னால் கோடு போடவேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்.

கொருக்குப்பேட்டை தேவி
சொல்லிப் பார்த்தேன். "கோடு போடலேன்னா யாராவது பக்கத்துல ஒரு சைபர் போட்ருவாங்க" என்றார். எங்கள் வீட்டு நோட்டில் யாரம்மா போடப்போகிறார்கள் என்றால் முறைக்கிறார்.

தங்கசாலை கணக்கர்
அவர் சொல்வதுதான் நியாயம். கோடு அதற்காகத்தான் வந்தது. நீங்கள் போட்டோ பக்கத்தில் சரிசெய்துகொள்ளுங்கள்.

வியாசர்பாடி ப்ரியா
நான் செய்வது இது. ஷீட்டில் A பத்தியில் பக்கம், வரி எண் போட்டுவிடுவேன், 2-14 என்றால் இரண்டாம் பக்கம் பதினாலாம் வரி. சந்தேகம் வந்தால் நேராக அந்த வரிக்குப் போகலாம். அப்புறம் விவரத்தைப் பார்க்காமல் தொகையை மட்டும் ஒருவர் நோட்டைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் ஷீட்டில் டிக் அடிப்பது. என் பையன் வாசிப்பான். எழுபது வரிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

போட்டோவுக்கு, டியூப் லைட்டுக்குக் கீழே நின்று எடுத்தால் நம் கை நிழலே விழுகிறது. பகலில் வாசல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து, ஒரு பக்கத்துக்கு ஒரு படம். நோட்டுத்தாள் மெலிசாக இருந்தால் பின்பக்கத்து எழுத்து தெரியும், அடியில் ஒரு கறுப்பு அட்டை வைத்தால் அது அடங்கிவிடும்.

கொருக்குப்பேட்டை தேவி
சரிசெய்தபின் செலவு 31,190. பிரிவு வாரியாக வந்தது இது: வாடகை 9,000, மளிகை 6,420, மீன் கறி 3,150, காய்கறி 2,180, பால் 1,800, படிப்பு 1,500, பஸ் ஆட்டோ 1,450, ஈபி 1,340, கேஸ் 900, மருந்து 870, போன் கேபிள் 850, தண்ணீர் கேன் 600, மற்றவை 1,130. முன்னால் மருந்து 4,921 என்று காட்டியது, அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும், வீட்டில் யாருக்கும் பெரிதாக உடம்பு முடியாமல் போகவில்லை.

இரண்டு சந்தேகம். மளிகை 6,420-ல் 2,150 போன மாதப் பாக்கி, கடைக்கார அண்ணாச்சிக்கு இந்த மாதம் கொடுத்தது. அது இந்த மாத மளிகையா? அப்புறம் ஈபி இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே வரும், அதைப் பாதியாகப் போடவேண்டுமா?

ஷீட் ராஜா
பாக்கி போன மாதச் சாப்பாடு, போன மாதத்தில்தான் போடவேண்டும். ஈபியும் பாதி இங்கே, பாதி அங்கே.

தங்கசாலை கணக்கர்
அப்படிச் செய்தால் டப்பா டேலி ஆகாது. காசு இந்த மாதம்தான் போயிருக்கிறது. மளிகை வரியை இரண்டாக்கி "மளிகை", "மளிகை பாக்கி" என்று தனித்தனிப் பிரிவாக வையுங்கள், இரண்டும் செலவுதான். இந்த மாதம் கடனில் வாங்கிவிட்டு இன்னும் கொடுக்காததை நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்தால் போதும். ஈபியை அப்படியே விடுங்கள், ஒரு மாதம் இருக்கும், அடுத்த மாதம் இருக்காது.

வியாசர்பாடி ப்ரியா
டப்பா டேலி ஆகவேண்டும் என்பதற்கு ஐயா சொல்வது சரி. ஆனால் மாதம் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று தெரிய ராஜா சொல்வதுதான் உதவும். நான் வருடக் கடைசியில் மட்டும் மொத்தமாகப் பார்க்கிறேன், அப்போது பாக்கி ஒரு மாதம் முன்னே பின்னே போனாலும் பெரிய வித்தியாசம் வருவதில்லை.

காசிமேடு லைன்
அந்த 120 என்ன ஆச்சு?

கொருக்குப்பேட்டை தேவி
கிடைக்கவில்லை அண்ணா. 21-ம் தேதிக்குப் பிறகு எல்லா வரியையும் தம்பியை வாசிக்கச் சொல்லி டிக் அடித்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது.

வியாசர்பாடி ப்ரியா
ஷீட் அதிகமாகக் காட்டினால் எழுதாத செலவு. பூ? எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைப் பூவை யாரும் எழுதவே மாட்டார்கள்.

கொருக்குப்பேட்டை தேவி
அம்மாவிடம் கேட்டேன். பூ எழுதியிருக்கிறாராம், காட்டினார், மற்றவையில் இருக்கிறது. அப்பா பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அப்பா பேப்பரை விரித்துக்கொண்டார்.